நிறுத்தச் சொன்ன பிறகும் வெட்டப்படும் பணம்: சார்ஜ்பேக் வழியும் சான்றுகளும்

கிரெடிட் கார்டிலிருந்து மாதாமாதம் பணம் எடுத்துக்கொள்ள ஒரு நிறுவனத்துக்கு அனுமதி கொடுப்பது ஒரு நிமிட வேலை. கொடுத்த அனுமதியைத் திரும்பப் பெறுவதோ பலருக்கு மாதக்கணக்கில் இழுக்கிறது. ஜார்ஜ் டவுனில் உடற்பயிற்சி நிலையம், ஆங்கில வகுப்பு, தண்ணீர் வடிகட்டி வாடகை, இணையவழிச் சந்தா என்று எதை எடுத்தாலும் கதை ஒன்றுதான். வாடிக்கையாளர் நிறுத்தச் சொல்கிறார், எதிர்த் தரப்பு பதில் சொல்வதில்லை. அடுத்த மாதமும் அதே தேதியில் கார்டில் பணம் வெட்டப்படுகிறது.

இந்த நிலையில் கார்டு கொடுத்த வங்கி மூலம் பணத்தைத் திரும்பக் கேட்கும் வழிக்குத்தான் சார்ஜ்பேக் என்று பெயர். இந்த வழி இருப்பது பலருக்குத் தெரியும். அதில் எதை நிரூபிக்க வேண்டும் என்பது சிலருக்கே தெரியும். கடைக்காரர் எவ்வளவு மோசமாக நடந்துகொண்டார் என்பதை வங்கி எடை போடுவதில்லை. அது பார்ப்பது இரண்டு தேதிகளை: நிறுத்தச் சொன்ன தேதி, பணம் வெட்டப்பட்ட தேதி. முதலாவது இரண்டாவதற்கு முந்தியது என்று தாளில் காட்ட முடிந்தவர் பெரும்பாலும் வெல்கிறார். முடியாதவர் எவ்வளவு நியாயமானவராக இருந்தாலும் தோற்கிறார். இந்தக் கட்டுரை அந்த வரிசையை நிரூபிப்பது பற்றியது.

சட்டமல்ல, ஒப்பந்த விதி

அமெரிக்காவில் கார்டுக் கணக்கில் வரும் தவறுகளை எதிர்க்கும் உரிமையை 1974ஆம் ஆண்டின் நியாயக் கடன் கணக்குச் சட்டம் கொடுத்தது. மலேசியாவில் சார்ஜ்பேக் நிற்பது விசா, மாஸ்டர்கார்டு ஆகிய அட்டை வலையமைப்புகள் தங்கள் உறுப்பு வங்கிகளுக்கு வகுத்திருக்கும் விதிகளின் மேல். நமக்குக் கார்டு கொடுத்த வங்கி ஒரு பக்கம், கடைக்காரருக்குக் கார்டு வசதி செய்துகொடுத்த வங்கி மறுபக்கம். இவை இரண்டுக்கும் இடையில் நடக்கும் வழக்குத்தான் சார்ஜ்பேக். நாம் அதில் நேரடித் தரப்பு அல்ல. நம் சார்பில் வழக்காடுவது வங்கி.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் தெளிவாகின்றன. முதலாவது, வழக்குக்கு வேண்டிய சரக்கை நாம்தான் கட்டிக்கொடுக்க வேண்டும். வங்கி அலுவலர் நமக்காகக் கடைக்குப் போய் விசாரிக்கமாட்டார். இரண்டாவது, வலையமைப்பின் விதிப் புத்தகத்தில் உள்ள காரணங்களில் ஒன்றில் நம் புகார் அடங்க வேண்டும். ‘இவர்கள் ஏமாற்றுக்காரர்கள்’ என்பது அப்படிப்பட்ட காரணம் அல்ல. ‘இந்தத் தேதியில் அனுமதியை விலக்கிக்கொண்டேன், அதற்குப் பிறகு இந்தத் தேதியில் பணம் எடுத்தார்கள்’ என்பது காரணம்.

விசாவில் இதற்கென்றே 13.2 என்ற எண்ணில் ஒரு பிரிவு இருக்கிறது: ரத்து செய்யப்பட்ட தொடர் கட்டணம். மாஸ்டர்கார்டில் இது 4853 என்ற பொதுப் பிரிவுக்குள் வருகிறது. இரண்டிலும் கால வரம்பு 120 நாள். பணம் வெட்டப்பட்டு 120 நாளுக்குள் வங்கி வழக்கைப் பதிவு செய்ய வேண்டும். இது வங்கிக்கு உள்ள வரம்பு. வாடிக்கையாளர் தன் வங்கிக்குச் சொல்ல வேண்டிய வரம்பு கார்டு ஒப்பந்தத்தில் தனியாக இருக்கும், அது பெரும்பாலும் மிகக் குறைவு. மாதக் கணக்கறிக்கையின் அடியில் சிறிய எழுத்தில் ‘இத்தனை நாளுக்குள் தெரிவிக்காவிட்டால் கணக்குச் சரி என்று கொள்ளப்படும்’ என்று போட்டிருப்பதைப் பார்க்கலாம். ஆகவே 120 நாள் இருக்கிறதே என்று காத்திருக்கக் கூடாது. கணக்கறிக்கை கைக்கு வந்த வாரத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

எந்தக் கட்டத்தில் குறியிடுவது?

வங்கி தரும் பாரத்தில் பல கட்டங்கள் இருக்கும். ‘இந்தப் பரிவர்த்தனையை நான் செய்யவில்லை’ என்பது ஒன்று. ‘நான் ரத்து செய்துவிட்டேன், இருந்தும் பணம் எடுத்தார்கள்’ என்பது இன்னொன்று. ‘பணம் திரும்பத் தருவதாகச் சொன்னார்கள், தரவில்லை’ என்பது மற்றொன்று. அதிகம் பேர் சறுக்குவது இந்த இடத்தில்தான். கோபத்தில் முதல் கட்டத்தில் குறியிடுகிறார்கள். ‘நான் அனுமதி கொடுக்கவில்லையே, பிறகு நான் செய்யாததுதானே’ என்பது அவர்கள் வாதம்.

வங்கிக்கு அந்தக் கட்டம் வேறொன்றைச் சொல்கிறது: கார்டு திருட்டு. உடனே கார்டை முடக்கிப் புதிய கார்டு அனுப்புவார்கள், வழக்கு மோசடி என்று பதிவாகும். கடைக்காரர் பதிலுக்கு நாம் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தையும், பல மாதமாக நாம் மறுக்காமல் கட்டிய பழைய கட்டணங்களையும் எடுத்து வைப்பார். 2023 ஏப்ரலில் விசா கொண்டுவந்த விதி ஒன்று இதை அவருக்கு இன்னும் சுலபமாக்கிவிட்டது. இணையவழி விற்பனையில், 120 நாளுக்கும் 365 நாளுக்கும் இடைப்பட்ட பழைய பரிவர்த்தனைகள் இரண்டு மறுக்கப்படாமல் இருந்து, அவற்றின் கணினி முகவரியோ சாதன அடையாளமோ, கூடவே இன்னொரு விவரமும், இப்போதைய பரிவர்த்தனையோடு பொருந்தினால், மோசடிப் புகார் நிற்காது. நீண்ட நாள் சந்தாதாரர் ஒவ்வொருவரிடமும் இப்படிப்பட்ட பழைய கட்டணங்கள் இருக்கும். நியாயம் நம் பக்கம் இருந்தும் தவறான கட்டத்தால் வழக்கு போய்விடும்.

மூன்றாவது கட்டமும் சில சமயம் பொருந்தும். ‘உங்கள் பணத்தைத் திருப்பி அனுப்புகிறோம்’ என்று கடைக்காரர் எழுதிக் கொடுத்துவிட்டு அனுப்பவில்லை என்றால், அந்த ஒரு வரி மின்னஞ்சலே வலுவான ஆயுதம். அவர் வாயாலேயே ஒப்புக்கொண்டதாக ஆகிறது. விசா விதியில் இந்தக் காரணத்துக்குப் பொதுவாக 15 நாள் பொறுத்திருந்து பிறகு வழக்குத் தொடுக்க வேண்டும்.

தொடர் கட்டணம் என்பதும் தவணை என்பதும் ஒன்றல்ல என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். 1,800 ரிங்கிட் பெறுமானமுள்ள ஒரு வருடப் பொதியை வாங்கிப் 12 தவணையாகக் கட்ட ஒப்புக்கொண்டிருந்தால், அது ஏற்கெனவே வாங்கிய பொருளின் கடன். நடுவில் ‘ரத்து’ என்று எழுதியதால் 13.2 தானாகப் பொருந்திவிடாது. கையெழுத்திட்ட தாளில் ‘மாதச் சந்தா’ என்றிருக்கிறதா, ‘தவணை’ என்றிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

உதாரணத்துக்கு ஒரு வழக்கை நாமே அமைத்துக்கொள்வோம். ஆட்கள் கற்பனை, நடைமுறை நிஜம். பூலாவ் தீக்கூஸில் வசிக்கும் ஆசிரியை ஒருவர் 2024 ஜனவரி 15ஆம் தேதி உடற்பயிற்சி நிலையம் ஒன்றில் சேர்கிறார். கட்டணம் மாதம் 159 ரிங்கிட், ஒவ்வொரு 15ஆம் தேதியும் விசா கார்டிலிருந்து எடுப்பார்கள். குறைந்தது 12 மாதம் இருக்க வேண்டும், அதற்குப் பிறகு 30 நாள் முன்னறிவிப்போடு விலகலாம் என்பது ஒப்பந்தம்.

2025 மார்ச் 2ஆம் தேதி அவர் நிலையத்தின் வாடிக்கையாளர் சேவைக்கு மின்னஞ்சல் அனுப்புகிறார். உறுப்பினர் எண், விலகும் முடிவு, ‘இந்த அறிவிப்பு முடிந்த பிறகு என் கார்டிலிருந்து பணம் எடுக்க அனுமதியில்லை’ என்ற வரி ஆகியவை அதில் இருக்கின்றன. அதே செய்தியைக் கிளையின் வாட்ஸாப் எண்ணுக்கும் போடுகிறார். இரண்டு நீலக் குறிகள் விழுகின்றன, பதில் இல்லை. ஒரு வாரம் கழித்துத் தொலைபேசியில் கேட்டால், ‘கவுன்டருக்கு வந்து பாரம் நிரப்ப வேண்டும்’ என்கிறார்கள். போனால், ‘மேலாளர் இல்லை’ என்கிறார்கள்.

மார்ச் 15ஆம் தேதி 159 ரிங்கிட் வெட்டப்படுகிறது. இதை எதிர்க்கக் கூடாது. 30 நாள் அறிவிப்பு ஏப்ரல் 1ஆம் தேதிதான் முடிகிறது, அதற்குள் வந்த கட்டணம் நியாயமானது. இதையும் சேர்த்துக் கேட்டால், ஒப்பந்தத்தைப் படிக்காதவர் என்ற எண்ணத்தை நாமே வங்கிக்குக் கொடுத்துவிடுவோம். ஏப்ரல் 15, மே 15, ஜூன் 15 ஆகிய மூன்று கட்டணங்கள்தான் வழக்கு. மொத்தம் 477 ரிங்கிட்.

ஆசிரியை ஜூன் 25ஆம் தேதி வங்கிக்குப் போகிறார். மூன்றில் பழையதான ஏப்ரல் 15ஆம் தேதிக் கட்டணத்துக்கு 120 நாள் முடிவது ஆகஸ்ட் 13. ஆகவே வலையமைப்புக் கணக்கில் மூன்றும் காலத்துக்குள் இருக்கின்றன. ஆனால் அவருடைய வங்கி ஏப்ரல் கணக்கறிக்கைக்குக் கொடுத்த நாள் எப்போதோ கடந்திருக்கலாம். வங்கி அதைச் சுட்டிக்காட்டி ஏப்ரலை மறுத்தால், மே, ஜூன் இரண்டும்தான் மிஞ்சும். ஏப்ரல் மாதமே போயிருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. ஒவ்வொரு கட்டணமும் தனி வழக்காகவே பதிவாகும் என்பதால், மூன்றையும் தேதி, தொகை, கணக்கறிக்கையில் வந்த கடைப் பெயர் ஆகியவற்றோடு தனித்தனி வரியாக எழுதிக் கொடுக்க வேண்டும்.

நிலையம் பதில் கொடுக்கிறது: கையெழுத்திட்ட ஒப்பந்தம், கூடவே நுழைவுப் பதிவு. அதில் ஆசிரியை கடைசியாக உள்ளே போனது மார்ச் 20. நிலையம் இதைத் தனக்குச் சாதகம் என்று நினைத்துக் கொடுத்திருக்கும். உண்மையில் அது ஆசிரியைக்குத்தான் சாதகம். அறிவிப்புக் காலத்துக்குள் வந்திருக்கிறார், ஏப்ரல் 1க்குப் பிறகு ஒருமுறைகூட வரவில்லை என்பதை எதிர்த் தரப்பே காட்டிவிட்டது. ஏப்ரல் 5ஆம் தேதி ‘எப்படியும் பணம் எடுக்கிறார்களே’ என்று ஒரு நாள் ட்ரெட்மில்லில் ஓடிவிட்டு வந்திருந்தால் கணக்கு தலைகீழ். சேவையைப் பயன்படுத்தினார் என்பது கடைக்காரரின் முதல் தற்காப்பு. ரத்து செய்த பிறகு கணக்குக்குள் நுழைவது, படம் பார்ப்பது, வகுப்பில் உட்காருவது எல்லாமே அவருக்கு நாம் எழுதிக் கொடுக்கும் சான்று.

எதைச் சேர்த்து வைப்பது?

சான்றுகளை மூன்று கேள்விகளாகப் பிரித்துக்கொண்டால் குழப்பம் இல்லை. எப்படி ஒப்புக்கொண்டோம்? எப்போது, எந்த வழியாக நிறுத்தச் சொன்னோம்? அதற்குப் பிறகு எவ்வளவு எடுத்தார்கள்?

முதல் கேள்விக்கு ஒப்பந்தமும் ரத்து விதிமுறையும் வேண்டும். இணையத்தில் உள்ள விதிமுறை நாளைக்கே மாறிவிடலாம். சேர்ந்த அன்றோ, குறைந்தபட்சம் ரத்து செய்யும் அன்றோ, அந்தப் பக்கத்தை முகவரியும் தேதியும் தெரியப் பிடிஎஃப் ஆகச் சேமித்து வைக்க வேண்டும். ‘ரத்து செய்ய மின்னஞ்சல் அனுப்பவும்’ என்று அவர்களே போட்டிருந்து, பிறகு ‘கவுன்டருக்கு வா’ என்றால், அந்தப் பக்கமே அவர்களுக்கு எதிராகப் பேசும். ரத்து விதிமுறையைப் பணம் வாங்கும்போது காட்டவே இல்லை என்பதும் ஒரு வாதம்தான். பின்னால் கண்டுபிடித்த விதியைக் காட்டி நம்மைக் கட்டிப்போட முடியாது.

இரண்டாம் கேள்விதான் வழக்கின் உயிர். தொலைபேசியில் சொன்னது காற்றோடு போய்விடும். அழைப்புப் பட்டியலில் ‘மார்ச் 9, காலை 11.20, நான்கு நிமிடம்’ என்றிருந்தால், பேசினோம் என்பதை அது காட்டும், என்ன பேசினோம் என்பதைக் காட்டாது. ஆகவே பேசிய அன்று மாலைக்குள் ஒரு மின்னஞ்சல் போட வேண்டும்: ‘இன்று காலை 11.20க்கு உங்கள் அலுவலரிடம் பேசினேன். மார்ச் 2ஆம் தேதி அனுப்பிய ரத்து அறிவிப்பை உறுதி செய்தேன். கவுன்டருக்கு வரச் சொன்னார்.’ பேசியவரின் பெயர் தெரிந்தால் அதையும் சேர்க்கலாம். அவர்கள் அதை மறுத்து எழுதாதவரை அந்த மின்னஞ்சலே பேச்சின் பதிவு.

மின்னஞ்சலின் திரைப்பிடிப்பை மட்டும் வைத்துக்கொண்டு அசலை அழித்துவிடுபவர்கள் உண்டு. அனுப்பிய பெட்டியில் அசல் இருக்கட்டும். அனுப்பியவர், பெறுநர், தேதி, நேரம் தெளிவாகத் தெரியும்படி அதை அச்சிட்டு வைக்க வேண்டும். ‘இந்த முகவரி இல்லை’ என்று மின்னஞ்சல் திரும்பி வந்திருந்தால் அதையும் வைத்துக்கொள்ள வேண்டும், உடனே வேறு வழியில் அனுப்ப வேண்டும். வாட்ஸாப் உரையாடலை ஒன்றிரண்டு திரைப்பிடிப்பாக வெட்டிக் கொடுத்தால், நடுவில் ஏதோ மறைக்கிறார் என்ற சந்தேகம் வரும். முழு உரையாடலையும் செயலியிலேயே கோப்பாக ஏற்றுமதி செய்து, முக்கியமான செய்தி உள்ள திரையைத் தனியாக இணைப்பது நல்லது. எண் யாருடையது என்பதற்கு அந்த நிறுவனத்தின் பலகையிலோ ரசீதிலோ அதே எண் அச்சிடப்பட்டிருப்பதைப் படம் பிடித்துச் சேர்க்கலாம்.

எந்தப் பதிலும் சொல்லாமல் இழுத்தடிக்கும் நிறுவனத்துக்குப் பழைய வழியே சிறந்த வழி: போஸ் மலேசியாவின் பதிவு அஞ்சல், கூடவே பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகை அட்டை. கையெழுத்தோடு திரும்பி வரும் அந்த அட்டை, ‘எங்களுக்குக் கடிதமே வரவில்லை’ என்ற பதிலை முடித்துவிடும். கவுன்டரில் பாரம் நிரப்பினால் முத்திரை குத்திய நகல் இல்லாமல் வெளியே வரக் கூடாது. தர மறுத்தால் நிரப்பிய பாரத்தைக் கைப்பேசியில் படம் எடுத்து, அதை அவர்களுக்கே அங்கேயே நின்று மின்னஞ்சல் செய்துவிட வேண்டும்.

இணையச் சந்தாவில் ரத்துப் பொத்தானை அழுத்திய பிறகு வரும் கடைசித் திரையும், ‘உங்கள் சந்தா ரத்தாகிவிட்டது’ என்ற மின்னஞ்சலும்தான் சான்று. அந்த மின்னஞ்சல் வரவில்லை என்றால் ரத்து முடியவில்லை என்றே வைத்துக்கொள்ள வேண்டும். சில நிறுவனங்கள் வேண்டுமென்றே ‘நிச்சயமா?’, ‘இந்தச் சலுகை வேண்டாமா?’ என்று பக்கம் பக்கமாக இழுத்து, கடைசிப் பக்கத்துக்கு முன்பே நம்மைத் திருப்தியாக வெளியேற வைக்கின்றன. அமேசான் தன் பிரைம் சந்தாவின் ரத்து வழிக்கு உள்ளுக்குள் ‘இலியட்’ என்று பெயர் வைத்திருந்ததை அமெரிக்க வணிக ஆணையம் 2023இல் தொடுத்த வழக்கில் சுட்டிக்காட்டியது. 2025 செப்டம்பரில் அந்த வழக்கு 250 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது. செயலிக் கடைகள் வழியாக எடுத்த சந்தாவில் இன்னொரு பொறி உண்டு. செயலியை நீக்கினால் சந்தா நிற்காது. ஆப்பிள் அல்லது கூகுள் கணக்கின் சந்தாப் பட்டியலுக்குப் போய்த்தான் நிறுத்த வேண்டும்.

மூன்றாம் கேள்விக்குக் கார்டுக் கணக்கறிக்கை போதும். சம்பந்தப்பட்ட வரிகளை அடையாளமிட்டு, முதலில் கட்டிய ஒரு மாதத்தின் அறிக்கையையும் சேர்த்தால், ஒரே கடை, ஒரே தொகை என்பது ஒரே பார்வையில் தெரியும். எல்லாவற்றுக்கும் மேல் ஒரு பக்கக் காலவரிசை வைக்க வேண்டும். தேதி, என்ன நடந்தது, எந்த இணைப்பு என்று மூன்று பத்தி. கோபம், வசவு எதுவும் வேண்டாம். கோப்பைப் படிக்கும் அலுவலருக்கு நேரம் குறைவு. அந்த ஒரு பக்கத்திலேயே அவர் வழக்கைப் புரிந்துகொள்ள வேண்டும்.

வங்கிக்குள் போன பிறகு

பாரத்தைக் கொடுத்தால் குறிப்பு எண் கேட்டு வாங்க வேண்டும். சில வங்கிகள் தகராறில் உள்ள தொகையைத் தற்காலிகமாகக் கணக்கில் வரவு வைக்கும், சில வைக்காது. வரவு வைத்துவிட்டதால் வென்றுவிட்டோம் என்று நினைக்கக் கூடாது. மாதங்கள் கழித்து அதே தொகை மறுபடியும் பற்றாக வரலாம். தகராறு நடக்கும்போது கணக்கறிக்கையில் உள்ள மற்ற தொகைகளை வழக்கம்போலக் கட்டிவிட வேண்டும். ‘இந்த வங்கி என் பிரச்சினையைத் தீர்க்கட்டும், பிறகு கட்டுகிறேன்’ என்று நின்றால், மலேசிய வங்கிகள் போடும் 15 முதல் 18 விழுக்காடு வரையிலான ஆண்டு வட்டியும் தாமதக் கட்டணமும்தான் மிச்சம்.

கடைக்காரரின் வங்கிக்கு விசாவில் பதிலளிக்க 30 நாள், மாஸ்டர்கார்டில் 45 நாள். பதில் வராவிட்டால் வழக்கு நமக்கு. பதில் வந்தால் நம் வங்கி அந்த ஆவணங்களை அனுப்பி நம் கருத்தைக் கேட்கும். கேட்ட நாளுக்குள் பதில் சொல்லாவிட்டால் ஒப்புக்கொண்டதாகவே எடுத்துக்கொள்வார்கள். இந்தக் கடிதம் வாடிக்கையாளரின் பழைய மின்னஞ்சலுக்கோ குப்பைப் பெட்டிக்கோ போய், பார்க்காமலேயே தோற்றவர்கள் உண்டு. பதிலில் புதிதாகக் கதை சொல்ல வேண்டாம். அவர்கள் கொடுத்த ஒவ்வொரு தாளையும் எடுத்து, அது ரத்துத் தேதியை மறுக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். கையெழுத்திட்ட ஒப்பந்தம் நாம் சேர்ந்ததைத்தான் காட்டுகிறது. நாம் விலகவில்லை என்பதை அது காட்டவில்லை.

அதற்கு மேலும் இரு வங்கிகளும் ஒத்துவராவிட்டால் வழக்கு வலையமைப்பின் நடுவர் தீர்ப்புக்குப் போகும். அங்கே தோற்கும் வங்கி கட்ட வேண்டிய கட்டணம் நூற்றுக்கணக்கான டாலர். 159 ரிங்கிட்டுக்காக எந்த வங்கியும் அவ்வளவு தூரம் விரும்பிப் போகாது. ஆகவே சிறிய தொகை வழக்கின் தலைவிதி முதல் சுற்றில் கொடுக்கும் கோப்பிலேயே தீர்மானமாகிறது.

வங்கி கைவிட்டால்

வங்கியின் இறுதி முடிவு தவறு என்று பட்டால் 2025 ஜனவரி 1 முதல் இயங்கும் நிதிச் சந்தைகள் ஒம்புட்ஸ்மன் சேவைக்குப் போகலாம். முந்தைய நிதிச் சேவை ஒம்புட்ஸ்மனும் பங்குச் சந்தைத் தகராறு மையமும் ஒன்றாகி உருவானது இது. பயனீட்டாளருக்குக் கட்டணம் இல்லை. வங்கியின் இறுதிக் கடிதம் கிடைத்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். ஆனால் அது விசாரிப்பது வங்கி சரியாக நடந்ததா என்பதை. உடற்பயிற்சி நிலையத்தை அதனால் கூண்டில் ஏற்ற முடியாது.

கடைக்காரரை நேரடியாகப் பிடிக்க வேண்டுமானால் மலேசியப் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது. 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்தது. கட்டணம் 5 ரிங்கிட், 50,000 ரிங்கிட் வரை கோரலாம், வழக்கறிஞர் வைத்துக்கொள்ள அனுமதி இல்லை. சார்ஜ்பேக்கில் எடுபடாத ஒரு வாதம் இங்கே எடுபடும். அதே சட்டத்தின் 17ஆம் பிரிவு, தொடர்ந்து வழங்கப்படும் எதிர்காலச் சேவைக்கான ஒப்பந்தத்தைப் பயனீட்டாளர் ரத்து செய்தால், சேவை தருபவர் மொத்த ஒப்பந்தத் தொகையில் 5 விழுக்காடும், ஏற்கெனவே கொடுத்த பொருள், சேவையின் மதிப்பும்தான் வாங்கலாம் என்கிறது. ஒரு வருடக் கட்டாயக் காலத்துக்கு நடுவில் விலகி, ‘மீதி மாதமெல்லாம் கட்டு’ என்று மிரட்டப்படுபவர் வங்கிப் பாரத்தோடு நின்றுவிடாமல் இந்தப் பிரிவைக் கையில் எடுக்க வேண்டும். கடை வெளிநாட்டில் இருந்தால் தீர்ப்பாயம் அவ்வளவாக உதவாது, அப்போது சார்ஜ்பேக்தான் ஒரே கதவு.

பினாங்குவாசிகளுக்கு இன்னொரு துணை உண்டு. மறைந்த எஸ்.எம். முகமது இத்ரிஸ் பல்லாண்டு தலைமை தாங்கிய பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் அரை நூற்றாண்டுக்கு மேலாகப் புகார்களை வாங்கிக் கடிதம் எழுதிவருகிறது, தமிழில் ‘பயனீட்டாளர் குரல்’ இதழையும் நடத்தியிருக்கிறது. சங்கத்தின் கடிதத்துக்குச் சட்ட பலம் இல்லை. ஆனால் தனி ஆளின் மின்னஞ்சலைப் புறக்கணிக்கும் மேலாளர், சங்கத்தின் கடிதத்தை அவ்வளவு சுலபமாகப் புறக்கணிப்பதில்லை. அந்தக் கடிதமும் தேதியோடு கூடிய ஒரு சான்றுதான்.

சார்ஜ்பேக்கால் ஆகாதவை

கார்டை ரத்து செய்து புதியது வாங்கினால் எல்லாம் முடிந்தது என்று நம்புகிறவர்கள் பலர். விசா, மாஸ்டர்கார்டு இரண்டிலும் புதிய கார்டு எண்ணைத் தொடர் கட்டணக் கடைகளுக்குத் தானாகவே தெரிவிக்கும் சேவை இருக்கிறது. வங்கி அதில் சேர்ந்திருந்தால் புதிய கார்டிலும் பழைய பணம் வெட்டப்படும். ஒரு குறிப்பிட்ட கடையின் தொடர் கட்டணத்தை மட்டும் தடுக்கும் வசதியும் வலையமைப்புகளில் உண்டு. அதைப் பெயர் சொல்லி வங்கியில் கேட்டுப் பார்க்க வேண்டும்.

பணம் கார்டு வழியாகப் போகாமல் வங்கிக் கணக்கிலிருந்து நேராக டுவிட்நவ் ஆட்டோடெபிட் போன்ற ஏற்பாட்டில் போகிறது என்றால் அது வேறு பாதை, அங்கே சார்ஜ்பேக் விதிகள் பொருந்தாது. அந்த அனுமதியை வங்கியின் செயலியிலேயே பார்த்து நிறுத்தலாம். அதைத்தான் முதலில் செய்ய வேண்டும்.

சார்ஜ்பேக்கில் வென்றாலும் ஒப்பந்தக் கடன் அழிந்துவிடுவதில்லை. கடைக்காரர் பணம் இன்னும் தர வேண்டும் என்று வழக்குத் தொடுக்கலாம், வசூல் நிறுவனத்திடம் கொடுக்கலாம். நமக்கு ஒப்பந்தப்படி விலக உரிமை இருந்தது என்பதைக் காட்டும் அதே கோப்பு அப்போதும் வேண்டியிருக்கும். ஆகவே வழக்கு முடிந்ததும் தாள்களைக் கிழித்துப் போடக் கூடாது.

இந்தச் சுமை முழுவதும் பயனீட்டாளர் தலையில் இருக்க வேண்டியதில்லை என்பதற்கு இந்தியாவே சான்று. 2021 அக்டோபர் முதல் அங்கே கார்டுகளில் தானியங்கிக் கட்டணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே வாடிக்கையாளருக்கு அறிவிப்புப் போக வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. அந்த அறிவிப்பிலேயே கட்டணத்தை மறுக்கும் வசதியும் இருக்க வேண்டும். தொகை ஒரு வரம்பைத் தாண்டினால் ஒவ்வொரு முறையும் கூடுதல் ஒப்புதல் வேண்டும். முதலில் 5,000 ரூபாயாக இருந்த அந்த வரம்பு 2022இல் 15,000 ஆனது. நமக்கோ பணம் வெட்டப்பட்ட பிறகே குறுஞ்செய்தி வருகிறது. வெட்டுவதற்கு முன் ஒரு செய்தியும் ‘வேண்டாம்’ என்று சொல்ல ஒரு பொத்தானும் இருந்தால், மேலே சொன்ன வழக்குகளில் பெரும்பகுதி பிறக்கவே பிறக்காது. பேங்க் நெகாரா இதை மலேசிய வங்கிகளுக்குக் கட்டாயமாக்க வேண்டும், பயனீட்டாளர் சங்கங்கள் அதைக் கேட்டு எழுத வேண்டும்.

அதுவரை பயனீட்டாளர் செய்ய வேண்டியது இதுதான்: நிறுத்தும் முடிவை எடுத்த அன்றே எழுத்தில் அனுப்புங்கள், அனுப்பியதன் நகலை வைத்துக்கொள்ளுங்கள், அதற்குப் பிறகு அந்தச் சேவையைத் தொடாதீர்கள், அடுத்த கணக்கறிக்கையில் அதே பெயர் வந்தால் அந்த வாரமே வங்கிக்குப் போய் ‘ரத்து செய்த தொடர் கட்டணம்’ என்ற கட்டத்தில் குறியிடுங்கள்.